படியில் ஒரு கால், இடுப்பு எங்கே?

வீடியோ கேமில் நாயகன் படிக்கட்டில் நிற்கிறான். வலது கால் மேல்படியில் பதிந்திருக்கிறது; இடது கால் கீழ்ப்படிக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறது. காரணம், நிற்கும் அனிமேஷன் சமதளத்துக்காகச் செய்யப்பட்டது. கேம் அவன் உடலை ஒரு கேப்சூல் வடிவமாகத்தான் கணக்கில் வைக்கிறது. அந்தக் கேப்சூல் மேல்படியில் தட்டி நின்றுவிடும்.

படி உயரம் 18 செ.மீ. என்று வைப்போம். ஒவ்வொரு பாதத்திலிருந்தும் கீழ்நோக்கி ஒரு கோடு விட்டுத் தரையைத் தேடுகிறார்கள். வலது பாதத்துக்கு வித்தியாசம் 0, இடதுக்கு மைனஸ் 18. இடது கால் ஏற்கெனவே ஏறக்குறைய நேராக இருப்பதால், அதை இழுத்து நீட்ட முடியாது. எனவே இடுப்பையே இறக்க வேண்டும். எவ்வளவு? இரண்டில் தாழ்ந்த அளவு, முழு 18 செ.மீ. பலர் சராசரி எடுத்து 9 மட்டும் இறக்குகிறார்கள். இடது கால் மீதி 9 செ.மீ. அந்தரத்திலேயே நிற்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் இடுப்பு இறங்க வேண்டும். அதன் பிறகே இன்வர்ஸ் கினமாடிக்ஸ் கணக்கு கால்களை அந்தந்தப் படியில் பொருத்த வேண்டும். அப்போது வலது முழங்கால் தானாக மடங்கும். அந்தக் கணக்கு விடுபட்டால் வலது பாதம் படிக்குள் புதைந்திருக்கும்.

இடுப்பு ஒரே ஃபிரேமில் இறங்கினால் உடல் வெட்டென்று குலுங்கும். சில ஃபிரேம்களில் படிப்படியாக இறக்குங்கள். இறக்கத்துக்கு ஓர் எல்லையும் வையுங்கள். இல்லையென்றால் மாடி விளிம்பில் நிற்பவன் குந்தி உட்கார்ந்துவிடுவான்.