காபிக்கடைச் சிரப் வீட்டில்: வெனிலா, கேரமல், மசாலா

குளிர்ந்த பாலில் சர்க்கரையைப் போட்டால் பாதி அடியிலேயே தங்கிவிடும். காபிக்கடைகளில் குளிர்பானங்களுக்குச் சர்க்கரைக்குப் பதில் சிரப் ஊற்றுவதற்கு முதல் காரணம் அதுதான். முன்பே கரைந்த சர்க்கரை என்பதால் எவ்வளவு குளிர்ந்த பானத்திலும் உடனே கலந்துவிடும். மணமும் அதனுடனேயே சேர்ந்துவிடுவது கூடுதல் வசதி. வெனிலா, கேரமல், மசாலா எதுவானாலும் அடிப்படை சர்க்கரையும் தண்ணீரும் மட்டுமே. இவை இரண்டும் என்ன விகிதத்தில் சேர்கின்றன என்பதைப் பொறுத்தே சிரப் கெடாமல் இருக்கும் காலம் பெரும்பாலும் அமைகிறது.

ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையைச் சிரப்பில் சர்க்கரை செய்கிறது. அது தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் வளரப் போதிய நீர் கிடைப்பதில்லை. எடையில் சரிபாதி சர்க்கரையும் சரிபாதி தண்ணீரும் உள்ள சிரப்பில் இந்தப் பாதுகாப்பு குறைவு. வெளியில் வைத்தால் சில நாட்களிலேயே கெடத் தொடங்கும். குளிர்பெட்டியில் ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும். இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்றால், அதாவது எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை என்றால், நிலைமை மாறிவிடும். மருந்து தயாரிப்பில் பயன்படும் சாதாரணச் சர்க்கரைப் பாகும் ஏறத்தாழ இந்த அடர்த்திதான். வேறு பதப்படுத்தி இல்லாமலே அது தாங்குவதற்குக் காரணம் இதுவே. வீட்டில் சுத்தமாகச் செய்து குளிர்பெட்டியில் வைத்தால் இத்தகைய வெறும் சிரப் பல மாதங்கள் இருக்கும்.

அப்படியானால் எப்போதும் இரண்டுக்கு ஒன்றாகவே செய்துவிடலாமே என்று தோன்றலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. அறை வெப்பத்தில் தண்ணீர் ஏற்றுக்கொள்ளக்கூடிய சர்க்கரையின் எல்லை ஏறத்தாழ அதுதான். குளிர்பெட்டியில் அந்த எல்லை இன்னும் இறங்கும். எனவே சில நாட்களில் பாட்டிலின் அடியில் கற்கண்டு போலப் படிகங்கள் உருவாகும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. பாட்டிலைத் திறந்து வெந்நீரில் நிறுத்தினால் மீண்டும் கரைந்துவிடும். ஆனாலும் அடிக்கடி செய்ய வேண்டியிருந்தால் அது தொல்லைதான். வீட்டுக்கு ஏற்றது 300 கிராம் சர்க்கரைக்கு 200 கிராம் தண்ணீர் என்ற அளவு. இது குளிரில் படிகமாகாது, ஊற்றவும் எளிது, சரிபாதிச் சிரப்பைவிட நீண்ட நாள் தாங்கும்.

அளவைக் கப்பில் பார்க்காமல் தராசில் பார்க்க வேண்டும். ஒரு கப் சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம், ஒரு கப் தண்ணீரோ 240 கிராம். கப்புக்குக் கப் என்று கலந்தால் சரிபாதி என நினைத்த சிரப் உண்மையில் 45 சதவீதமாகிவிடும். அதன் ஆயுளும் அதற்கேற்பக் குறையும். இதற்கு நேர்மாறான தவறு, இனிப்புப் பலகாரத்துக்குக் காய்ச்சுவதுபோல் பதம் பார்ப்பது. கம்பிப் பதம் வரும்வரை கொதித்த பாகில் தண்ணீர் மிகக் குறைந்திருக்கும். ஆறியதும் அது இறுகி, குளிர்ந்த பாலில் கலக்காமல் உருண்டையாக நிற்கும். சிரப்புக்குப் பதம் வேண்டாம். சர்க்கரை முழுதும் கரைந்து ஒரு கொதி வந்தால் போதும்.

வெனிலா சிரப் மூன்றிலும் எளியது. எசென்ஸ் சேர்ப்பதானால் சிரப் வெதுவெதுப்பாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் மணத்தில் பாதி ஆவியோடு போய்விடும். மேற்சொன்ன அரைக் கிலோ சிரப்புக்கு ஒன்று முதல் இரண்டு டீஸ்பூன் போதும். உண்மையான வெனிலாக் காய் கிடைத்தால் நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் விதைகளைச் சுரண்டி, தோலையும் சேர்த்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறும்வரை ஊறவைத்து வடிகட்ட வேண்டும். அழகுக்காகக் காயைப் பாட்டிலிலேயே விட்டு வைப்பவர்கள் உண்டு. சிரப் குறையக் குறைய காயின் நுனி மேலே தலைநீட்டும், பூஞ்சை முதலில் பிடிப்பதும் அங்கேதான்.

மசாலா சிரப்பில் வரிசை முக்கியம். அடர்ந்த பாகில் மணம் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் முதலில் வெறும் தண்ணீரில் கொதிக்கவிடுவதே நல்லது. 300 மில்லி தண்ணீரில் விரல் நீளப் பட்டை இரண்டு, தட்டிய ஏலக்காய் எட்டு, கிராம்பு நான்கு, சிறு துண்டு சுக்கு போட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து வடிகட்ட வேண்டும். வடித்த நீர் 200 கிராமுக்குக் குறைந்தால் வெந்நீர் சேர்த்துச் சரிசெய்து, 300 கிராம் சர்க்கரையைக் கரைத்து ஒரு கொதி விட வேண்டும். கிராம்பைக் கூட்டினால் மற்ற மணங்களை அமுக்கிவிடும். பொடிகள் வேண்டாம், அவை கலங்கி அடியில் சேறுபோல் தங்கும். பச்சை இஞ்சி சேர்ப்பதானால் தண்ணீரோடு நன்கு கொதிக்க வேண்டும். பச்சையாக இருக்கும்போது அதிலுள்ள நொதி பாலைத் திரிக்கும்.

கேரமலில்தான் கவனம் அதிகம் தேவை. 300 கிராம் சர்க்கரையை அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, நனையும் அளவுக்கு 50 மில்லி தண்ணீரும் சில துளி எலுமிச்சைச் சாறும் விட வேண்டும். சாறு சர்க்கரையில் ஒரு பகுதியைப் பிளந்து, அது மீண்டும் படிகமாவதைத் தடுக்கும். கறுப்புப் பாத்திரமானால் நிறம் தெரியாது. தீ நடுத்தரமாக இருக்கட்டும். கொதி வந்தபின் கரண்டி போடக்கூடாது, பாத்திரத்தை மெல்லச் சுழற்றினால் போதும். தண்ணீர் வற்றி, வெப்பம் 160 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பாகு பொன்னிறமாகும். பிறகு நிறம் ஓட்டமாக ஓடும். புட்டிங்குக்குப் பொன்னிறம் போதும். பாலில் கலக்கும் கேரமல் கடுந்தேநீர் நிறம்வரை போனால்தான் அதன் சுவை பாலைத் தாண்டித் தெரியும். மெல்லிய புகை எழுந்தவுடன் அடுப்பை அணைத்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் கசப்புதான் மிஞ்சும்.

அணைத்த பிறகு 200 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீரோ ஒரேயடியாக ஊற்றுவதோ ஆபத்து. பாகு பொங்கித் தெறிக்கும், அந்தத் தெறிப்பு வெந்நீரைவிடக் கடுமையாகச் சுடும். கட்டியாக இறுகியது சிறு தீயில் கரைந்துவிடும். ஊற்றிய நீரில் எவ்வளவு ஆவியாகப் போனது என்று கண்ணால் சொல்ல முடியாது. எனவே வெறும் பாத்திரத்தை முன்கூட்டியே நிறுத்து வைக்க வேண்டும். அது 900 கிராம் என்றால், முடிவில் பாத்திரமும் சிரப்பும் சேர்ந்து 1,400 கிராம் இருக்குமாறு வெந்நீர் சேர்த்தால் விகிதம் சரியாகிவிடும். ஒரு சிட்டிகை உப்பு சுவையைத் தூக்கிக் கொடுக்கும்.

பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும். பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, உள்ளே ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். பலர் கவனிக்காத இடம் மூடிதான். சூடான சிரப்பை மூடினால் ஆவி மூடியில் துளியாகப் படிந்து கீழே சொட்டும். சிரப்பின் மேற்பரப்பில் மட்டும் நீர்த்த ஒரு படலம் உண்டாகி, அதில் பூஞ்சை பிடிக்கும். அடியில் எவ்வளவு அடர்த்தி இருந்தாலும் அந்தப் படலத்துக்கு அது உதவாது. ஆறியபின் ஒருமுறை குலுக்கிவிட்டால் துளிகள் கலந்துவிடும். ஈரக் கரண்டியும் இதே கெடுதலைச் செய்யும்.

300-க்கு 200 என்ற அளவில் செய்து குளிர்பெட்டியில் வைத்தால், எசென்ஸ் சேர்த்த வெனிலாவும் கேரமலும் இரண்டு மாதம்வரை இருக்கும். வெனிலாக் காயும் உலர்ந்த மசாலாவும் சேர்ந்தவற்றை ஒரு மாதத்தில் தீர்ப்பது நல்லது. பச்சை இஞ்சி சேர்ந்தது இரண்டு வாரம், பாலோ கிரீமோ கலந்த கேரமல் சாஸ் ஒரு வாரம். செய்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டுவது அவசியம். ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, ஊற்றினால் ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரை சேர்கிறது. அது மூன்று டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம்.

கெட்டதை அறிவது கடினமல்ல. திறக்கும்போது காற்று சீறினாலோ, நுரை வந்தாலோ, புளித்த கள் வாடை அடித்தாலோ ஈஸ்ட் வேலை செய்கிறது. தெளிவாக இருந்தது கலங்கினாலும் மேலே புள்ளி தெரிந்தாலும் அப்படித்தான். பூஞ்சையை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி கொதிக்கவைப்பது வழியாகாது, அதன் நச்சு கொதியில் முழுதும் அழிவதில்லை. பாட்டிலோடு சேர்த்துக் காலி செய்ய வேண்டியதுதான்.