வருமானம் குறைந்த ஆண்டும் வாகனக் கடனும்

சொந்தத் தொழில் செய்பவர் வாகனக் கடன் கேட்டால், வங்கிகள் வழக்கமாக இரண்டு அல்லது மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்குகளைக் கேட்கும். அவற்றில் ஓராண்டு மட்டும் வருமானம் சரிந்திருந்தால், காரணத்தைச் சொல்லும் விளக்கக் கடிதமும் தேவைப்படும்.

கோவையில் மின்பணி ஒப்பந்தம் எடுப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூன் மாதம் கால் முறிந்து, 2024 ஜனவரியில்தான் அவர் வேலைக்குத் திரும்பினார். 2023-24 நிதியாண்டில் அவருடைய வருமானம் 2,10,000 ரூபாய். அடுத்த ஆண்டில் 6,60,000. இரண்டின் சராசரி மாதத்துக்கு 36,250 வருகிறது. அதில் பாதி வரைதான் தவணைக்குப் போகலாம் என்று வங்கி கணக்கிட்டால் 18,125 ரூபாய். அவர் கேட்கும் 9 லட்சத்துக்கு, 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணையோ ஏறக்குறைய 19,100. கடன் கிடைக்காது, அல்லது தொகை குறையும். சரிவு ஒருமுறை வந்து போனது என்று வங்கி ஏற்று, கடைசி ஆண்டை மட்டும் பார்த்தால், 27,500 வரை இடமுண்டு.

அதை ஏற்க வைப்பதுதான் கடிதத்தின் வேலை. எப்போது வேலை நின்றது, ஏன் நின்றது, எப்போது மீண்டும் தொடங்கியது, இப்போது என்ன வருகிறது: இவ்வளவு போதும், அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி காரணத்தைக் காட்டும். காலத்தைக் காட்டுவது படிவம் 26ஏஎஸ். ஒப்பந்தப் பணத்தில் பிடித்த டிடிஎஸ் அதில் தேதிவாரியாக இருக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை பதிவுகள் ஏறக்குறைய இல்லாமல் போய், ஜனவரிக்குப் பின் மீண்டும் தொடர்வது கடிதத்தைவிட வலுவான சாட்சி. பழைய பில்களுக்கான பணம் இடையில் வந்திருந்தால் அதையும் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். வங்கிகள் பெரும்பாலும் அண்மை மாதங்களின் ஸ்டேட்மென்ட்டை மட்டுமே கேட்பதால், அந்த ஆண்டின் ஸ்டேட்மென்ட்டையும் தாமாகவே இணைப்பது நல்லது.

ஆண்டைக் குறிப்பிடுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 2023-24 வருமானத்துக்கான கணக்கின் ஒப்புகைச் சீட்டில் மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்றிருக்கும். கடிதத்தில் இரண்டையும் எழுதாவிட்டால், நல்ல ஆண்டையே சரிந்த ஆண்டாக எண்ணிவிட இடமுண்டு.

வரி வராத ஆண்டுக்குக் கணக்கு தாக்கல் செய்யாமல் விடுவதே பெரிய தவறு. குறைந்த வருமானத்தை ஒரு கடிதம் விளக்கிவிடும். கணக்கே இல்லாத ஆண்டை விளக்குவது கடினம். தாமதக் கணக்குக்கு மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31 வரை வாய்ப்புண்டு. அதன்பின் இருப்பது ஐடிஆர்-யு எனும் புதுப்பித்த கணக்கு. கட்ட வேண்டிய வரியே இல்லாத ஆண்டுக்கு அது பொதுவாக உதவாது. கடனுக்காக வருமானத்தைக் கூட்டிக் காட்டி, பல ஆண்டுக் கணக்குகளை ஒரே வாரத்தில் தாக்கல் செய்வதும் பலிக்காது. ஒப்புகைச் சீட்டில் தாக்கல் தேதி இருக்கிறது. கடன் அதிகாரி அதைக் கட்டாயம் பார்ப்பார்.