போகிறவர் சொல்லிக்கொண்டு போவதில்லை

செல்போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. 1900 என்ற எண்ணுக்கு PORT என்று அடித்து, கூடவே நம் எண்ணையும் சேர்த்து அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதோடு வேறு நிறுவனத்தின் கடைக்குப் போகலாம். பழைய நிறுவனத்துக்கு விஷயம் அப்போதுதான் எட்டும் என்றால், அது பஸ் கிளம்பிய பிறகு ஸ்டாண்டுக்கு ஓடி வருவது போலத்தான். ஒன்றிரண்டு மாதம் முன்பே கண்டுபிடிப்பதற்கென்றே அங்கே ஒரு பகுப்பாய்வாளர் இருக்கிறார்.

நம் ஊரில் இது லேசான வேலை இல்லை. பெரும்பாலானவர்கள் ப்ரீபெய்டு, ஒப்பந்தம் கிடையாது. பலர் போர்ட் கூடச் செய்வதில்லை. போனின் இரண்டாவது பொந்தில் வேறு சிம்மைப் போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் டெய்லர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஜூனில் அவர் வாரத்துக்கு 40 அழைப்புகள் பேசினார், நாளுக்கு 1 ஜிபி டேட்டா செலவழித்தார். ஆகஸ்டில் அழைப்பு 12, டேட்டா சொட்டுச் சொட்டாக. முன்பெல்லாம் பேக் முடிவதற்கு முதல் நாளே ரீசார்ஜ் செய்துவிடுவார். இப்போது முடிந்து நாலு நாள் கழித்துச் செய்கிறார். இன்கமிங் மட்டும் குறையவே இல்லை. சொந்தக்காரர்கள், மேஸ்திரி, வங்கி என்று எல்லோரிடமும் இருப்பது இந்த எண்தானே! டேட்டா மட்டும் குறைந்திருந்தால் வீட்டில் வைஃபை போட்டிருப்பார் என்று விட்டுவிடலாம். அவுட்கோயிங்கும் சேர்ந்து இறங்கினால் அவர் வேறு சிம்மிலிருந்து பேசுகிறார் என்று சந்தேகிக்க வேண்டும்.

வாரம் 12 அழைப்பு என்பதில் தப்பு ஒன்றும் இல்லை. பல வருஷமாக 12 மட்டுமே பேசும் பாட்டி எங்கும் போகப் போவதில்லை. ஒருவரை மற்றவர்களோடு ஒப்பிடாமல் அவருடைய பழைய வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும். அதிலும் ஏமாறலாம். வடமாநிலத் தொழிலாளிகள் ஹோலிக்கு ஊருக்குப் போனால், திருப்பூர் டவர்க் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்குப் பாதி ஊரே ஓடிவிட்டதாகத் தோன்றும்.

இனி புகார்ப் பதிவேடு. டெய்லர் ஜூலையில் இரண்டு முறை கஸ்டமர் கேரை அழைத்திருக்கிறார்: ‘கம்பெனிக்குள்ள சிக்னலே வரலைங்க.’ இரண்டு முறையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடியிருக்கிறார்கள். ஆகஸ்டில் புகாரே இல்லை. பதிவேட்டை மட்டும் பார்த்தால் ஆள் திருப்தியாகிவிட்டார் போலிருக்கும். அவர் பேசும் டவரின் கணக்கைப் பக்கத்தில் வைத்தால், பாதிப் பேச்சில் துண்டாகும் அழைப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. எனக்கு இந்த மௌனம்தான் பெரிய தடயமாகப் படுகிறது. சண்டை போடுகிறவருக்கு இன்னும் எதிர்பார்ப்பு இருக்கிறது.

இதையெல்லாம் லட்சக்கணக்கானவர்களுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. அதைப் பழக்க, நடந்து முடிந்த கணக்கு வேண்டும்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எப்படி இருந்தார்கள், அக்டோபரில் யார் போனார்கள். நடுவில் செப்டம்பரை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். நிஜத்தில் பட்டியல் கைக்கு வந்து ஆட்களைக் கூப்பிட அந்த அவகாசம் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. கிளம்பும் நேரத்துப் பதிவுகள் உள்ளே நுழைந்தால், PORT செய்தி அனுப்பியவர் போவார் என்பதை மட்டும் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். விடைத்தாளைப் பார்த்து எழுதிய பையன் மாதிரி மதிப்பெண் அள்ளும், வேலைக்கு ஆகாது. முடிவு நம்ப முடியாத அளவுக்குச் சரியாக வந்தால் அனுபவசாலிகள் முதலில் தேடுவது இந்தக் கசிவைத்தான்.

சரி என்பதையும் எப்படி அளப்பது? ஒரு லட்சம் பேரில் 3,000 பேர் போகிறார்கள் என்று கொள்வோம். ‘யாருமே போகமாட்டார்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 97 சதவீதம் சரி! ஆகவே கேள்வியை மாற்றுகிறார்கள். சந்தேகம் அதிகமுள்ள 10,000 பேரை எடுத்தால், அதில் போகிறவர்கள் எத்தனை பேர்? குலுக்கல் முறையில் எடுத்தால் 300 பேர் சிக்குவார்கள். 900 பேர் சிக்கினால் மும்மடங்கு லாபம். அப்போதும் பட்டியலில் மீதி 9,100 பேர் இருக்கப் போகிறவர்கள்தான் என்பது மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கும் சலுகை கொடுத்தால் காசு கரையும். சும்மா இருந்தவருக்கு ‘போகாதீர்கள்’ என்று போன் செய்து, போகலாமே என்ற யோசனையைக் கிளப்பிவிடுவதும் உண்டு. அதனால் பட்டியலில் ஒரு பகுதியினரை யாரும் கூப்பிடாமல் விட்டுவைத்து, இரண்டு தரப்பிலும் எத்தனை பேர் தங்கினார்கள் என்று பிறகு பார்ப்பார்கள்.

நம் டெய்லர் பட்டியலின் மேல்பகுதியிலேயே இருப்பார். கம்பெனிக்குள் சிக்னல் வர வேண்டுமென்றால் டவரைப் பார்க்கும் இன்ஜினியருக்கு அந்தப் பட்டியல் போக வேண்டும். அது விற்பனைப் பிரிவுக்குப் போகிறது. அங்கிருந்து ‘2 ஜிபி இலவசம்’ என்று எஸ்எம்எஸ் வருகிறது. ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கும் அந்தச் சிம்மில், இரண்டு வங்கிச் செய்திகளுக்கு நடுவே, அது படிக்கப்படாமல் கிடக்கிறது.