லோகோ வந்த பிறகு இருண்டுபோகும் லேப்டாப்

பவர் பட்டனை அழுத்துகிறோம். உள்ளே விசிறி சுற்றுகிறது, கம்பெனி லோகோ பளிச்சென்று வருகிறது, அதோடு சரி, திரை இருண்டுவிடுகிறது. இந்த நிலையில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும்: ‘ஃபார்மேட் பண்ணணும்’ அல்லது ‘போர்டு போயிருக்கு’. முதலாவதில் கோப்புகள் போகும், இரண்டாவதில் பணம் போகும். எதற்கும் தலையாட்டுவதற்கு முன்னால், பழுது மென்பொருளிலா வன்பொருளிலா என்பதை ஸ்க்ரூவைத் தொடாமல் வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதல் தடயம் அந்த லோகோதான். அதை வரைவது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ். லோகோ தெரிந்தது என்றால் பிராசசர், ரேம், திரை, திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட், இவற்றை இணைக்கும் கேபிள் எல்லாமே அந்தச் சில நொடிகளாவது வேலை செய்திருக்கின்றன. லோகோவுக்குக் கீழே வட்டமாகச் சுற்றும் புள்ளிகளைக் கவனியுங்கள். அவை விண்டோஸ் போடுபவை. புள்ளிகள் சுற்றி, அதன் பிறகு இருண்டால், விண்டோஸ் எழுந்துகொள்ளத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து ஒரே ஒரு சோதனை. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஆன் செய்த கையோடு F2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கம்பெனிகளில் F10, F1 அல்லது Del. பயாஸ் பக்கம் திறக்கும். எதையும் மாற்றாமல் அப்படியே இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவர்களும் இல்லை. அங்கேயே திரை இருண்டால், எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் பலன் இருக்காது, பழுது வன்பொருளில்தான்.

அப்படி இருண்டால், அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் படம் வந்துகொண்டிருக்கிறது, பேக்லைட்தான் எரியவில்லை. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது ஒரு கோணத்தில் மட்டும் படம் வந்து போனால், கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். கேபிள் மாற்றுவது போர்டு மாற்றுவதைவிட மிகவும் சிறிய வேலை. அதனால் இந்த ஒரு தகவலைக் கடைக்காரரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

பயாஸில் இருபது நிமிடமும் படம் அசையாமல் நின்று, விண்டோஸ் வரும்போது மட்டும் இருண்டால் கதை வேறு. ஆன் செய்ததும் திரையில் படம் வர பயாஸ் எளிய ஏற்பாடு ஒன்றைச் செய்து வைத்திருக்கும். லோகோவும் புள்ளிகளும் அதன் மேல்தான் ஓடுகின்றன. பிறகு கிராஃபிக்ஸ் சிப்புக்கென்று எழுதப்பட்ட டிரைவர் வந்து திரையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. டிரைவர் கெட்டிருந்தால் அந்தக் கைமாறும் நொடியில்தான் திரை இருளும்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப்பில் இதைப் பார்த்தேன். முந்தைய இரவு அப்டேட் ஓடியிருந்தது. காலையில் லோகோ, புள்ளிகள், பிறகு இருட்டு. கடையில் போர்டு என்று சொல்லிவிட்டார்கள். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் அதன் விளக்கு எரிந்து அணைந்தது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், B ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினேன்; சின்னதாக ஒரு ‘பீப்’ கேட்டது. கிராஃபிக்ஸ் டிரைவரை மறுபடி எழுப்பச் சொல்லும் கட்டளை அது. திரை தெளியவில்லை, ஆனால் இருட்டுக்குப் பின்னால் விண்டோஸ் உயிரோடு இருப்பது தெரிந்துவிட்டது. HDMI கேபிளில் டிவியை இணைத்தோம். லேப்டாப் திரையில் மட்டும்தான் கோளாறு என்றால் டிவியில் படம் வந்திருக்க வேண்டும். அதுவும் இருட்டாகவே இருந்தது. பயாஸிலோ படம் சிறிதும் ஆடவில்லை. சந்தேகம் முழுக்க டிரைவர் மேல் விழுந்தது.

அதை உறுதி செய்வது Safe Mode. அதில் கம்பெனி டிரைவர் ஏறாது. விண்டோஸ் தன்னிடமுள்ள எளிய டிரைவரை வைத்துப் படம் காட்டும். திரை தெரியாதபோது அங்கே போவதற்கும் வழி இருக்கிறது. புள்ளிகள் சுற்றும்போதே பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணைக்க வேண்டும். இருண்டு வெகுநேரம் ஆன பிறகு அணைத்தால், நல்லபடியாகத்தான் துவங்கினோம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளக்கூடும். இரண்டு மூன்று முறை இப்படி இடையில் நிறுத்தினால் பழுதுபார்க்கும் நீலப் பக்கம் தானாக வரும். அதில் Troubleshoot, Advanced options, Startup Settings, Restart என்று வரிசையாகப் போய், பட்டியல் வந்ததும் 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். நடுவில் 48 இலக்க BitLocker எண்ணைக் கேட்டால் பயப்பட வேண்டாம். டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதால் கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்திருந்தால், அந்த எண்ணை வேறொரு கைபேசியிலிருந்து aka.ms/myrecoverykey என்ற முகவரியில் எடுத்துக்கொள்ளலாம்.

மாணவியின் லேப்டாப் Safe Mode-இல் பளிச்சென்று வந்தது. Device Manager-ஐத் திறந்து, Display adapters-க்குக் கீழே இருந்த சிப்பின் Properties-இல் Driver பகுதியைப் பார்த்தோம். Roll Back Driver பட்டன் அழுத்தும் நிலையில் இருந்தது. அதாவது, முன்பிருந்த டிரைவர் மாறியிருக்கிறது. அதை அழுத்தி, மறுபடி ஆன் செய்ததும் லாகின் திரை வந்தது. பணச் செலவு எதுவும் இல்லை, ஒரு கோப்புகூட அழியவில்லை.

எல்லா லேப்டாப்பும் இவ்வளவு எளிதில் வழிக்கு வராது. Safe Mode-இல் படம் வந்துவிட்டால் வன்பொருள் நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. எளிய டிரைவர் கிராஃபிக்ஸ் சிப்பில் மிகச் சிறிய பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறது. முழு டிரைவர் வந்துதான் சிப்பின் மற்ற பகுதிகளையும் அதன் நினைவகத்தையும் எழுப்புகிறது. அங்கே பழுது இருந்தால், டிரைவர் ஏறும் அதே நொடியில் திரை போகும். பார்ப்பதற்கு டிரைவர் கோளாறு போலவே இருக்கும். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே எடுத்த பழைய டிரைவர், புது டிரைவர் இரண்டையும் போட்டுப் பார்த்தும் அதே இடத்தில் இருண்டால் சிப்பைச் சந்தேகியுங்கள். Device Manager-இல் அந்தச் சிப்புக்கு நேரே Code 43 என்று காட்டினால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் பிராசசருக்குள்ளேயே ஒரு கிராஃபிக்ஸும், தனியாக இன்னொரு சிப்பும் இருக்கும். Safe Mode-இல் அந்தத் தனிச் சிப்பின் மேல் வலது கிளிக் செய்து Disable device கொடுத்துவிட்டு, வழக்கம்போல் ஆன் செய்யுங்கள். இப்போது திரை நின்றால் குற்றவாளி அந்தச் சிப்தான். விளையாட்டும் வீடியோ எடிட்டிங்கும் திணறும். தட்டச்சு, இணையம், ஆன்லைன் வகுப்புக்கு இதுவே போதும். இருப்பதே ஒரு கிராஃபிக்ஸ்தான் என்றால் இந்த வழி கிடையாது, போர்டு வேலைக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் Safe Mode-இலேயே கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். கடையில் கொடுக்கும்போது, பயாஸில் படம் நிற்கிறது, Safe Mode ஓடுகிறது, இரண்டு டிரைவர் போட்டும் இருள்கிறது என்ற மூன்றையும் ரசீதில் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள்.