4.6 என்றே நின்ற எண்

மருந்துக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜுக்குள் வெப்பச் சென்சார் ஒன்றைப் போட்டு, அது சொல்லும் அளவை வீட்டிலிருந்தே செல்போனில் பார்க்கும்படி அவரே ஒரு கருவி செய்திருக்கிறார். சனிக்கிழமை இரவு கடையை அடைத்தவர், ஞாயிறு முழுக்க ஐந்தாறு தடவை டாஷ்போர்டைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் 4.6 டிகிரி. இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பதால் நிம்மதியாகத் தூங்கினார். திங்கள் காலை போய்ப் பார்த்தால், கடையின் மெயின் சுவிட்ச் ஞாயிறு விடியற்காலையிலேயே விழுந்திருக்கிறது. ஃபிரிட்ஜ், வைஃபை ரவுட்டர், அவர் செய்த கருவி மூன்றுக்குமே மின்சாரம் இல்லை. உள்ளே இருந்த மருந்தையெல்லாம் கொட்ட வேண்டியதாயிற்று. "கருவியே செத்துக் கிடந்தபோது அந்த 4.6 எங்கிருந்து வந்தது?" என்பது அவர் கேள்வி.

இதைப் படித்ததும் எங்கள் ஊர் ரேஷன் கடைக் கரும்பலகைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. "மண்ணெண்ணெய் உண்டு" என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். அதை நம்பி அம்மா கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார். பாதி வரிசை நகர்ந்த பிறகுதான் அது முந்தாநாள் எழுதியது என்று தெரியவரும். எழுதியது பொய்யில்லை, எழுதியபோது மண்ணெண்ணெய் இருந்தது. அழிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

வாசகர் பயன்படுத்திய எம்க்யூடிடி நெறிமுறையும் ஒரு கரும்பலகை ஏற்பாடுதான். அனுப்புகிற கருவியும் பார்க்கிற செல்போனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ப்ரோக்கர் என்ற சர்வர் இருக்கிறது. கருவி `kadai/temp` என்ற தலைப்பின் கீழ் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். அந்தத் தலைப்பைக் கேட்டு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ப்ரோக்கர் அதை அனுப்பிவைக்கும். 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் இதை உருவாக்கினார்கள். எண்ணெய்க் குழாய்களின் அளவுகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கொண்டுவருவதற்காக உருவானது. அந்த இணைப்பில் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு, இணைப்பு அடிக்கடி அறுந்தும் போகும். இந்த நெறிமுறையின் சிக்கனத்துக்கும், நான் பிறகு சொல்லப்போகும் அதன் விசேஷ குணத்துக்கும் அந்தப் பிறப்பே காரணம்.

வாசகரிடம் இருப்பது ஆர்டுயினோவும் இஎஸ்பி-01 என்ற சின்ன வைஃபை மாட்யூலும். 3.3 வோல்ட்டுக்குத் தனி மின்வழங்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போன்றவை அவருக்கே தெரியும், அவற்றை விடுகிறேன். அந்த மாட்யூலிடம் ஏடி கட்டளைகளில் பேச வேண்டும். 1981இல் ஹேய்ஸ் மோடத்தோடு வந்த பழைய பழக்கம் அது. `AT` என்பது "கவனி" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து. கவனி என்று கூப்பிட்டுவிட்டுத்தான் வேலையைச் சொல்ல வேண்டும்.

```
AT+CWMODE=1
AT+CWJAP="KADAI","********"
AT+CIPSTART="TCP","mqtt.example.com",1883
AT+CIPSEND=38
```

முதல் இரண்டு வரி வைஃபையில் சேர்க்கும். மூன்றாவது ப்ரோக்கரின் 1883ஆம் போர்ட்டுக்கு ஒரு இணைப்பைத் திறக்கும். நான்காவது, "இனி 38 பைட் தரப்போகிறேன், அப்படியே அனுப்பு" என்கிறது. மாட்யூல் `>` என்ற குறியைக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். இந்தப் பழைய மாட்யூலின் மென்பொருளுக்கு எம்க்யூடிடி என்றால் என்னவென்றே தெரியாது. கொடுத்த பைட்டை அந்தப் பக்கம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே அந்த 38 பைட்டையும் நாமே கோக்க வேண்டும். பூ கட்டுகிறவர் கண்ணி எண்ணுவதைப் போல ஒவ்வொன்றாக எண்ணிக் கோத்த பிறகுதான் எனக்கே இந்த நெறிமுறை பிடிபட்டது.

```
10 24
00 04 4D 51 54 54
04 26 00 3C
00 06 6B 61 64 61 69 31
00 0B 6B 61 64 61 69 2F 6E 69 6C 61 69
00 03 6F 66 66
```

`10` என்றால் "இணைய வந்திருக்கிறேன்". `24` என்பது பதினாறடிமான எண், இனி 36 பைட் வரும் என்கிறது. இரண்டாம் வரியில் `MQTT` என்ற நான்கு எழுத்து, முன்னால் அதன் நீளம். எந்தச் சொல்லாக இருந்தாலும் இப்படி நீளத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் சொல்லைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வரியின் `04` நெறிமுறைப் பதிப்பு. கடைசி இரண்டு பைட்டான `00 3C`, 60 வினாடி என்ற காலக்கெடு. நான்காம் வரி கருவியின் பெயர், `kadai1`.

நீளத்தை ஒன்று தப்பாக எண்ணினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டிச் சொல்லிவிட்டால், மிச்ச பைட் வரும் என்று ப்ரோக்கர் பேசாமல் காத்திருக்கும், திரையில் பதிலே வராது. குறைத்துச் சொன்னால் சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டு ஒன்றும் பொருந்தாமல் போக, ப்ரோக்கர் இணைப்பை அறுத்துவிடும், `CLOSED` என்று வரும். சரியாக இருந்தால் `+IPD,4:` என்று வந்து, அதன் பின் `20 02 00 00` என்ற நான்கு பைட் வரும். கடைசிப் பூஜ்யம்தான் சம்மதம். வெறும் `SEND OK` வந்ததற்காக மகிழக் கூடாது. மாட்யூல் அனுப்பி முடித்தது என்பதற்குத்தான் அது சாட்சி, ப்ரோக்கர் ஏற்றுக்கொண்டதற்கு அல்ல.

இணைந்த பிறகு அளவை அனுப்புவது எளிது. 17 பைட் போதும்.

```
31 0F 00 0A 6B 61 64 61 69 2F 74 65 6D 70 34 2E 36
```

கடைசி மூன்று பைட்தான் 4.6. வாசகரைத் தூங்க வைத்தது முதல் பைட். அவர் அனுப்பிய நிரலில் `31` என்று இருந்தது. `30` என்றால் "கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கொடு". `31` என்றால் "கொடுத்துவிட்டு ஒரு பிரதியைப் பலகையிலும் எழுதி வை, பின்னால் யார் வந்து கேட்டாலும் காட்டு". இதற்கு ரீட்டெயின் என்று பெயர். பக்கத்தைத் திறந்ததும் எண் தெரிய வேண்டும், அடுத்த அளவு வரும்வரை வெறுமையாக இருக்கக் கூடாது என்ற ஆசையில் இதைப் போடுகிறார்கள். ஞாயிறு விடியற்காலை கடைசியாக எழுதப்பட்ட 4.6ஐத்தான் ப்ரோக்கர் நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது. ப்ரோக்கர் ஏமாற்றவும் இல்லை. பின்னால் வந்தவருக்குப் பலகையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது, "இது பழைய பிரதி" என்று அந்தச் செய்தியிலேயே ஒரு பிட்டை 1 ஆக்கித்தான் கொடுக்கிறது. அந்தப் பிட்டைப் பார்வையாளருக்குக் காட்ட வேண்டும் என்று வாசகரின் டாஷ்போர்டைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. மருந்தின் வெப்பத்தை நேரம் போடாமல் வெறும் எண்ணாகக் காட்டுவது பெரிய அலட்சியம் என்றே நினைக்கிறேன்.

இதற்கு மருந்தும் அந்த 38 பைட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாம், ஆறாம் வரிகளை நான் இன்னும் விளக்கவில்லை. ஐந்தாம் வரி `kadai/nilai` என்ற இன்னொரு தலைப்பு. ஆறாம் வரி `off` என்ற செய்தி. இரண்டும் சேர்ந்ததுதான் உயில். நெறிமுறையிலேயே அதற்கு அந்தப் பெயர்தான். உள்ளே நுழையும்போதே கருவி, "நான் சொல்லாமல் போய்விட்டால் இந்தத் தலைப்பில் இந்தச் செய்தியை எழுதிவிடு" என்று ப்ரோக்கரிடம் எழுதிக் கொடுக்கிறது. மூன்றாம் வரியின் `26` அந்த உயிலுக்குக் கையெழுத்து. உயில் உண்டு, அதைப் பலகையிலும் எழுதி வை என்று பொருள். வாசகரின் நிரலில் அந்த இடத்தில் `02` இருந்தது. நான் பார்த்த கற்பிக்கும் எடுத்துக்காட்டுகளில் பலவும் இப்படியே உயிலை விட்டுவிடுகின்றன. படிக்கிற பிள்ளைகள் அதையே படியெடுத்துப் பண்ணையிலும் கடையிலும் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

கருவி இறந்தது ப்ரோக்கருக்கு எப்படித் தெரியும்? மின்சாரம் போகும்போது யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. அதற்குத்தான் அந்த 60 வினாடி. அதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 90 வினாடி, கருவியிடமிருந்து எதுவுமே வராவிட்டால் ப்ரோக்கர் அதை இறந்ததாகக் கொண்டு உயிலைப் படித்துவிடும். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அளவை அனுப்புகிற கருவிக்கு அதுவே உயிர்க்குறி. அரிதாக அனுப்புவதாக இருந்தால் இடையில் `C0 00` என்ற இரண்டு பைட்டை அனுப்பி "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். `E0 00` என்று முறையாக விடைபெற்றுப் போனால் ப்ரோக்கர் உயிலைக் கிழித்துவிடும்.

ஆக, வாசகர் செய்ய வேண்டியது இது. இணைந்த கையோடு `kadai/nilai` தலைப்பில் `on` என்று ரீட்டெயினோடு எழுத வேண்டும். உயில் அதன் மேலேயே `off` என்று எழுதும். வெப்ப அளவுக்கு ரீட்டெயின் வேண்டாம், `31`ஐ `30` ஆக்கிவிடலாம். பலகையில் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணை அழிக்க, அதே தலைப்பில் ஒரே ஒரு தடவை வெற்றுச் செய்தியை ரீட்டெயினோடு அனுப்பிவிட வேண்டும். பக்கம் அரை நிமிடம் வெறுமையாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

உயிலுக்கும் ஓர் எல்லை உண்டு. புதிய மாட்யூல் மென்பொருளில் எம்க்யூடிடிக்கென்றே கட்டளைகள் வந்துவிட்டன. பைட் எண்ணவே வேண்டாம். உயிலும் ஒரே வரி:

```
AT+MQTTCONNCFG=0,60,0,"kadai/nilai","off",0,1
```

சௌகரியம்தான். ஆனால் அங்கே "இருக்கிறேன்" என்று சொல்வது மாட்யூலே. சென்சாரைப் படிக்கிற ஆர்டுயினோ உறைந்து நின்றுவிட்டாலும் மாட்யூல் தன்பாட்டுக்கு உயிர்க்குறி காட்டிக்கொண்டிருக்கும், உயில் திறக்கப்படாது. கையால் பைட் கோக்கும் பழைய முறையில் ஆர்டுயினோ நின்றால் எல்லாமே நிற்கும், 90 வினாடியில் குட்டு வெளிப்படும். புதிய முறைக்குப் போகிறவர்கள், கடைசி அளவு வந்து இரண்டு நிமிடம் ஆனால் எண்ணை மறைத்துவிடும்படி டாஷ்போர்டிலும் ஒரு ஏற்பாடு செய்தாக வேண்டும். இன்னொன்று, ஓடுகிற ஃபிரிட்ஜின் வெப்பம் ஒரே எண்ணில் நிற்காது. கம்ப்ரஸர் ஓடி நிற்கும்போதெல்லாம் ஏறி இறங்கும். நாள் முழுக்க அசையாத 4.6 என்பதே சந்தேகப்பட வேண்டிய அளவு.

இப்படி ஒரு கருவியை நம்பி மருந்தோ பாலோ விதையோ வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கே செல்போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருவியின் பிளக்கைப் பிடுங்குங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் திரையில் `off` வராவிட்டால், வருகிறவரை அந்த எண்ணை நம்ப வேண்டாம்.