படத்தைப் பார்த்துக் கருவியை அறிவது எப்படி?

அருங்காட்சியகக் கையேடுகளிலும் பழைய நூல்களிலும் பித்தளையில் செய்த அழகிய கருவிகளின் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வட்டத்தட்டு, ஒரு சிறு தொலைநோக்கி, ஏராளமான திருகுகள், நுண்ணிய கோடுகள். எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். படத்தின் அடியில் எழுதியிருக்கும் பெயரும் சில சமயம் தவறாகவே இருக்கும். அப்படியானால் படத்தில் இருப்பது தியோடலைட்டா, செக்ஸ்டன்டா, திசைகாட்டியா என்று நாமே எப்படிக் கண்டுகொள்வது?

முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கருவி எதன்மேல் நிற்கிறது?

தரையில் அசையாமல் நின்று வேலை செய்ய வேண்டிய கருவிக்கு முக்காலி வேண்டும். கருவியின் அடித்தட்டில் அதை மட்டப்படுத்த மூன்று அல்லது நான்கு திருகுகள் இருக்கும். மேலே ரசமட்டக் குழல் இருக்கும். இவையெல்லாம் தென்பட்டால் அது நிலஅளவைக் கருவி. கப்பலில் இவற்றால் பயனில்லை. அலையில் ஆடும் தளத்தில் எதை மட்டப்படுத்துவது? ஆகவே மாலுமியின் கோணமானியில் முக்காலியும் இராது, ரசமட்டமும் இராது. பின்புறம் கையால் பிடிக்க ஒரு கைப்பிடிதான் இருக்கும்.

நிலஅளவைக் கருவி என்று தெரிந்ததும் தொலைநோக்கியைக் கவனியுங்கள். இரண்டு தாங்கிகளின் நடுவே அது தொங்கி, மேலும் கீழும் சாயக்கூடியதாக இருக்கிறதா? அதன் பக்கத்தில் செங்குத்தாக ஒரு வட்டமும், அடியில் கிடையாக ஒரு வட்டமும் உள்ளனவா? அப்படியானால் அது தியோடலைட். கிடைக்கோணம், செங்குத்துக்கோணம் ஆகிய இரண்டையும் அளப்பதால்தான் அதற்கு இரண்டு வட்டங்கள். செங்குத்து வட்டமின்றி, தொலைநோக்கி மேலும் கீழும் சாயாமல் படுக்கையாகவே பொருத்தப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் மட்டம் பார்க்கும் 'லெவல்' என்னும் கருவி. படத்துக்குப் பெயரிடுவோர் இவ்விரண்டையும் அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. படம் கருவியின் அளவைச் சொல்லாது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் அளவைப் பணியில் பயன்பட்ட தியோடலைட்டின் கிடைவட்டம் ஏறக்குறைய 91 செ.மீ. குறுக்களவு உடையது. எடையோ சுமார் அரை டன். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. தனிப் படமாகப் பார்த்தால் அப்படிப்பட்ட கருவியும் மேசைமேல் வைக்கும் சிறு கருவியைப் போலவே தோன்றும். படத்தில் அருகே ஒரு மனிதரோ நாற்காலியோ இருந்தால்தான் உண்மை புலப்படும்.

இனிக் கைப்பிடியுள்ள மாலுமியின் கருவிக்கு வருவோம். விசிறி போன்ற சட்டம், அடியில் பாகைக் கோடுகள் கொண்ட வில், மேல்முனையில் சுழலும் ஒரு கை, இரண்டு சிறு ஆடிகள், சூரியனின் ஒளியைத் தணிக்கும் வண்ணக் கண்ணாடிகள். பார்த்தவுடன் 'செக்ஸ்டன்ட்' என்று சொல்லிவிடுவோம். அவசரப்பட வேண்டாம். இதன் மூத்த உறவினரான ஆக்டன்டும் இதே வடிவந்தான்.

இரண்டையும் பிரித்தறிய, வில்லில் பொறித்திருக்கும் கடைசி எண்ணைப் பாருங்கள். 90 அல்லது 100 அளவில் முடிந்தால் அது ஆக்டன்ட். 120 அல்லது அதற்கு மேலும் சென்றால் செக்ஸ்டன்ட். ஆக்டன்ட் என்றால் வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. அதாவது வில் 45 பாகைதான். பின் அதில் 90 என்ற எண் எப்படி வந்தது?

காரணம் ஆடிதான். ஓர் ஆடியை 1 பாகை திருப்பினால் அதில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர் 2 பாகை திரும்பும். சூரியன் தொடுவானத்திற்கு மேல் 60 பாகை உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூரியனின் பிம்பத்தைத் தொடுவானத்தில் கொண்டுவந்து பொருத்த, கையை 30 பாகை நகர்த்தினாலே போதும். மாலுமி ஒவ்வொரு முறையும் இரண்டால் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று, 30 பாகை உள்ள இடத்திலேயே 60 என்று பொறித்துவிட்டார்கள். செக்ஸ்டன்டின் வில் வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 பாகை. எனவே அதில் 120 வரை எண்கள் இருக்கும்.

சூரியனின் உயரம் எப்போதும் 90 பாகையைத் தாண்டுவதில்லை. அப்படியிருக்க 120 எதற்கு? சந்திரனுக்கும் ஒரு விண்மீனுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து நெடுங்கோடு கண்டுபிடிக்கும் முறை 18ஆம் நூற்றாண்டில் வழக்கத்திற்கு வந்தது. அந்தக் கோணம் 90க்கு மேலும் போகும். அதற்காகவே வில் நீண்டது.

எண்கள் மங்கிப்போன படமானால், சுழல்முனையிலிருந்து வில்லின் இரு முனைகளுக்கும் கோடிட்டுக் கோணமானியால் அளந்து பார்க்கலாம். ஆனால் படம் நேர் எதிரிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் 60 பாகை வில் 45 போலக் குறுகித் தெரியலாம். அப்போது சட்டத்தைப் பாருங்கள். கருமரச் சட்டமும் தந்தத்தில் பொறித்த அளவுகோலும் இருந்தால், ஆக்டன்டாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

கடைசியாகத் திசைகாட்டி. கப்பலின் திசைகாட்டியை அறிவது எளிது. கிண்ணம் ஒன்று இரண்டு வளையங்களில் தொங்கும். கப்பல் ஆடினாலும் கிண்ணம் மட்டமாக நிற்க இந்த ஏற்பாடு. திசைகளின் பெயர்கள் எழுதிய தட்டு காந்தத்தோடு சேர்ந்து சுழலும்.

நிலஅளவையாளரின் பழைய திசைகாட்டிதான் நம்மை ஏமாற்றும். அதன் படத்தில் வடக்கு மேலே இருந்தால், கிழக்கு இடப்பக்கமும் மேற்கு வலப்பக்கமும் எழுதியிருக்கும்! படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டுவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றும். அப்படியன்று. இக்கருவியில் எழுத்துகள் பெட்டியோடு இணைந்தவை. ஊசி மட்டுமே தனியாகச் சுழல்கிறது. வடக்கு நோக்கி நின்ற நீங்கள் பெட்டியோடு வலப்புறம் திரும்பிக் கிழக்கே பார்ப்பதாக நினையுங்கள். ஊசி வடக்கையே காட்டிக்கொண்டிருக்கும். அதாவது, இப்போது உங்களுக்கு இடப்புறம். நீங்கள் பார்க்கும் திசை கிழக்கு என்று ஊசிமுனை நேராகச் சொல்ல வேண்டுமானால், அந்த இடப்புறத்தில்தான் 'கிழக்கு' என்று எழுதியிருக்க வேண்டும்!

பட்டகத் திசைகாட்டியில் எண்களே கண்ணாடியில் தெரியும் எழுத்தைப்போலப் புரண்டு இருக்கும். பட்டகத்தின் வழியாகப் பார்க்கும்போது அவை நேராகிவிடும். விளிம்பில் மூடிபோல் ஒரு சிறு பட்டகமும், எதிர்விளிம்பில் நடுவே மெல்லிய கம்பியிழுத்த நிமிர்ந்த சட்டமும் இருந்தால் ஐயமே வேண்டாம்.

படம் உண்மையிலேயே இடவலம் மாறியதா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. கருவியில் பொறித்திருக்கும் தயாரிப்பாளரின் பெயரைப் படியுங்கள். அது நேராக இருந்து, கிழக்கும் மேற்கும் மட்டும் மாறியிருந்தால் படத்தில் பிழையில்லை. நீங்கள் பார்ப்பது நிலஅளவையாளரின் திசைகாட்டி.