தடித்த பட்டை சொல்வதும் சொல்லாததும்

மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பக்கமாகப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது, இடுப்பு ஒடுங்கிய பெரிய கோபுரங்களும் அவற்றின் வாயிலிருந்து எழும் வெண்மேகமும்தான். பலரும் அதைப் புகை என்று நினைக்கிறார்கள். புகை போவது ஒல்லியாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கி வழியாக. கோபுரத்திலிருந்து வருவது தண்ணீரின் ஆவி மட்டுமே. ஆனால் எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் மின்சாரமாக மாறியதைவிடப் பெரிய பங்கு அந்த ஆவியோடு வானத்துக்குப் போகிறது. வாயால் சொன்னால் நம்ப முடியாத இந்தக் கணக்கை, ஒரே பார்வையில் நம்பவைக்கும் படம் ஒன்று உண்டு. அதற்குச் சாங்கி வரைபடம் என்று பெயர்.

அந்தப் படத்தின் விதி ஒன்றே ஒன்று: பட்டையின் அகலம் ஆற்றலின் அளவு. நீளத்துக்கும் வளைவுக்கும் நிறத்துக்கும் எந்தப் பொருளும் இல்லை. ஆறு கிளை பிரிவதுபோலப் பட்டை பிரியும். பிரிந்த கிளைகளின் அகலங்களைக் கூட்டினால் தாய்ப்பட்டையின் அகலம் வரவேண்டும்.

மேட்டூரின் பழைய பகுதியில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு இருக்கின்றன. இந்த ரக அலகு ஒன்றுக்கு ஏறத்தாழப் பொருந்தும் முழு எண்களை வைத்து நாமே ஒரு படம் வரையலாம். தாளின் இடது ஓரத்தில் 100 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. நிலக்கரி தரும் மொத்த வெப்பம் அதுதான். கொதிகலனிலேயே 14 மில்லிமீட்டர் பிரிந்துவிடும். அதில் ஐந்து, புகைபோக்கி வழியே போகும் சூடான வாயு. ஏறத்தாழ ஆறு, கரியின் ஈரமும் அதிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் நீரும் ஆவியாகக் கொண்டுபோகும் வெப்பம். மிச்சம், எரியாமல் சாம்பலோடு போன கரியும் சுவர் வழியே கசிந்த சூடும். நீராவிக்கு வந்து சேர்வது 86. குழாய்களில் ஒன்று போக, டர்பைனுக்கு 85. அங்கேதான் படம் இரண்டாகப் பிளக்கிறது. 37 மில்லிமீட்டர் சுழலும் தண்டுக்கு. 48 மில்லிமீட்டர் கண்டென்சருக்கு. அங்கிருந்து குளிர்நீர் வழியாகக் கோபுரத்துக்கு. ஜெனரேட்டரில் ஒன்று குறைந்து 36 மின்சாரமாகிறது. நிலையத்தின் சொந்தப் பம்புகளும் மின்விசிறிகளும் கரி அரைக்கும் மில்களும் அதில் மூன்றை எடுத்துக்கொள்ள, கம்பியில் ஏறுவது 33.

மெலிந்த பட்டைகளை அலட்சியம் செய்யக் கூடாது. 210 மெகாவாட் மின்சாரம் 36 மில்லிமீட்டர் என்றால், 100 மில்லிமீட்டர் கரிப்பட்டை 583 மெகாவாட் வெப்பம். கிலோவுக்கு 4000 கிலோகலோரி தரும் கரியில் இது நாளொன்றுக்குச் சுமார் 3000 டன். ஆக, படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தினமும் 30 டன் கரி, அதாவது ரயிலில் ஏறக்குறைய அரை வேகன். புகைவாயுவின் வெப்பநிலை 22 டிகிரி கூடினால் கொதிகலனின் திறனில் ஏறக்குறைய ஒரு சதவீதம் போய்விடும் என்பது துறையில் வழங்கும் கைக்கணக்கு. குழாய்களின் மேல் சாம்பல் படிந்து 140 டிகிரியில் போகவேண்டிய வாயு 162 டிகிரியில் போனால், புகைபோக்கிப் பட்டை ஐந்திலிருந்து ஆறாகத் தடிக்கும். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கரிக் கிடங்கில் தெரியும்.

கண்ணை உறுத்துவது என்னவோ அந்த 48தான். படத்தை முதன்முதலாகப் பார்க்கும் எவரும் அதில் விரல் வைத்து, "இவ்வளவு வீணா? இதைப் பிடித்து இன்னொரு டர்பைனை ஓட்டக் கூடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடும்போதுதான் அகலம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது புரியும்.

கண்டென்சருக்கு வரும் நீராவியின் வெப்பநிலை 45 டிகிரி அளவில்தான் இருக்கும். டர்பைனுக்குள் நுழைந்தபோது 540 டிகிரி. வேலை செய்யும் சக்தியைப் பெரும்பாலும் கொடுத்துவிட்டு, வெதுவெதுப்பான ஆவியாக அது வந்து நிற்கிறது. வெளிக்காற்று 30 டிகிரி என்று வையுங்கள். இடைவெளி 15 டிகிரி. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இயந்திரத்துக்கும் இயற்கை போட்ட எல்லை உண்டு: இந்த இடைவெளியை, சூடான பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 45 டிகிரி என்பது 318 கெல்வின். 15ஐ 318ஆல் வகுத்தால் ஐந்து சதவீதம்கூட வராது. உராய்வே இல்லாத இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த 48 மில்லிமீட்டரிலிருந்து எடுக்க முடிவது இரண்டே கால் மில்லிமீட்டர். படத்தின் மிகத் தடித்த கிளையில் பெறுவதற்கு மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

அகலம் ஆற்றலின் அளவைக் காட்டும், தரத்தைக் காட்டாது. பெரிய இழப்பு உண்மையில் நடப்பது, வெறும் 14 மில்லிமீட்டர் மட்டுமே பிரிந்த கொதிகலனில். ஆயிரம் டிகிரியைத் தாண்டிய தீச்சுவாலையின் வெப்பம் 540 டிகிரி நீராவிக்கு இறங்குகிறது. அளவு அப்படியே இருக்கிறது. வேலை செய்யும் வலுவோ பெருமளவு போய்விட்டது. இதைச் சாங்கி வரைபடத்தில் காணவே முடியாது. ஆற்றலுக்குப் பதிலாக, அதிலிருந்து பெறக்கூடிய வேலையை அகலமாக வைத்து வரையும் படம் வேறு. அதைக் கிராஸ்மன் வரைபடம் என்பார்கள். அதில் கொதிகலனில் பட்டை சட்டென்று ஒடுங்கும். கண்டென்சர் கிளை நூலாக மெலிந்திருக்கும்.

அப்படியானால் அந்த 48ஐக் குறைக்க வழியே இல்லையா? ஓரளவு உண்டு, அதுவும் படத்திலேயே இருக்கிறது. மேலே நான் சுருக்கத்துக்காக விட்டுவிட்ட ஒரு பட்டை அது. டர்பைனின் நடுவழியில் கொஞ்சம் நீராவியை உருவி, கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். உருவிய நீராவி பாதி வேலையை முடித்துவிட்டது. மிச்ச வெப்பம் கோபுரத்துக்குப் போகாமல் கொதிகலனுக்கே திரும்புகிறது. முழுமையான படத்தில் இது டர்பைனிலிருந்து பின்னோக்கி வளைந்து கொதிகலனில் சேரும் ஒரு வளையம். நம் அளவில் சுமார் 25 மில்லிமீட்டர் அகலம். அதைச் சேர்த்தால் கொதிகலனிலிருந்து புறப்படும் நீராவிப் பட்டை 110ஐத் தாண்டிவிடும். நுழைந்தது 100, வெளியே வருவது 110 என்றால் முதலில் திகைப்பாகத்தான் இருக்கும். தவறு ஏதுமில்லை. அந்த உபரி புதிதாகப் பிறந்ததன்று, சுற்றிச் சுற்றி வருவது.

ஆகவே படத்தைச் சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். ஒவ்வொரு சந்திப்பிலும் உள்ளே வரும் அகலங்களையும் வெளியே போகும் அகலங்களையும் கூட்டிப் பாருங்கள். சாய்வான பட்டையைச் செங்குத்தாக வெட்டி அளக்க வேண்டும். தாளின் விளிம்போடு சேர்த்து அளந்தால் உள்ளதைவிடத் தடிப்பாக வரும். கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்றால், வரைந்தவர் ஓர் இழப்பை அளக்காமல் விட்டிருக்கிறார், அல்லது வளைவில் பட்டையை அழகுக்காக மெலியவைத்திருக்கிறார். இரண்டு நாட்டுப் படங்களை ஒப்பிடும்போது 100 என்பது எது என்றும் கேட்க வேண்டும். இந்தியாவில் கரியின் மொத்த வெப்பத்தை 100ஆக வைப்பது வழக்கம். ஐரோப்பாவில் நீராவியோடு போகும் வெப்பத்தைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுவார்கள். நம் படத்தின் அந்த ஆறு மில்லிமீட்டர் அங்கே இருக்காது. அதே நிலையம் அந்தத் தாளில் கூடுதல் திறனோடு தெரியும்.

சாங்கி என்பவர் பிரிட்டிஷ் ராணுவப் பொறியியல் படையில் கேப்டனாக இருந்த மாத்யூ ஹென்றி ஃபினியாஸ் ரையல் சாங்கி. நீராவி இயந்திரங்களின் திறன் பற்றி 1898இல் வெளியான அறிக்கைக்காக, அமெரிக்காவின் லூயிவில் நகரத்து நீரேற்று இயந்திரத்தை அவர் இப்படி வரைந்தார். அவர் ஒரு படத்தோடு நிறுத்தவில்லை. உள்ளபடியான இயந்திரத்துக்கு ஒன்றும், அதே சூழலில் குறையில்லாமல் ஓடக்கூடிய கற்பனை இயந்திரத்துக்கு ஒன்றும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குறையில்லாத இயந்திரமும் வெப்பத்தை வெளியே தள்ளித்தான் ஆகவேண்டும். பொறியாளர் துரத்த வேண்டியது, உள்ளபடியான பட்டைக்கும் அந்தப் பட்டைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும்தான்.